புது லேப்டாப்பில் படம் மட்டும் ஏன் மங்குது? 100%, 150%, 200% ஸ்கேலிங் செய்யும் வேலை

[காட்சி: பக்கத்துப் பக்கமாக ரெண்டு லேப்டாப். ரெண்டிலும் ஒரே வலைப்பக்கம், ஒரே தேன் குப்பி படம்.]

வணக்கம். மார்த்தாண்டத்துல தேன் விற்கிற ஒரு கடையோட வலைப்பக்கம் இதுன்னு வெச்சுக்குவோம். இடது பக்கம் இருக்கிறது பழைய லேப்டாப்: 15.6 அங்குலத் திரை, 1366-க்கு 768 பிக்சல். வலது பக்கம் இருக்கிறது புதுசு: 14 அங்குலம், 2880-க்கு 1800 பிக்சல். விலை கூடின திரையில படம் இன்னும் நல்லாத்தானே தெரியணும்? ஆனா குப்பி மேல ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்க. பழைய திரையில "மார்த்தாண்டம் தேன்"னு தெளிவா வாசிக்க முடியுது. புதுத் திரையில அதே எழுத்து பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கு. படத்துக்குக் கீழே இருக்கிற விலையும் விவரமும் மட்டும் அச்சுல எடுத்தாப்பல கூர்மையா நிக்குது.

திரையில கோளாறு இல்லை. படத்துலயும் கோளாறு இல்லை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கணக்கு இருக்கு.

[காட்சி: திரையைத் தொட்டுக் காட்டும் அளவுகோல்.]

பழைய திரையில ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 பிக்சல். புதுத் திரையில அதே ஒரு அங்குலத்துக்குள்ள சுமார் 243 பிக்சல். தேன் குப்பி படம் 600 பிக்சல் அகலம். பழைய திரையில அது 6 அங்குல அகலத்துக்கு வரும். புதுத் திரையில ஒரு படப் பிக்சலுக்கு ஒரு திரைப் பிக்சல்னு போட்டா, இரண்டரை அங்குலம்தான் வரும். படம் மட்டுமில்ல, எழுத்து, பட்டன், மெனு எல்லாமே அப்படிச் சுருங்கிரும். கண்ணைத் திரைகிட்ட கொண்டுபோய்த்தான் வாசிக்கணும்.

அதுக்குத்தான் ஸ்கேலிங். விண்டோஸ் இந்த மாதிரித் திரைக்குப் பொதுவா 200% போட்டு வெச்சிருக்கும். அப்போ "600 பிக்சல் அகலம்"னு வலைப்பக்கம் கேட்டா, பிரவுசர் திரையில 1200 பிக்சல் எடுத்துக்கும். குப்பி சுமார் 5 அங்குலத்துக்கு வந்துரும். பார்க்க வசதியான அளவு.

[காட்சி: லேபிளில் உள்ள "ண்" எழுத்து மட்டும் திரை முழுக்கப் பெரிதாகிறது.]

இப்போ கிட்டப் போய்ப் பார்ப்போம். இது லேபிள்ல இருக்கிற "ண்". மேல இருக்கிற புள்ளி, படத்துல வெறும் ரெண்டு பிக்சல் அகலம். 200 சதவீதத்துல அதோட ஒவ்வொரு பிக்சலும் நாலு திரைப் பிக்சல் இடத்தை நிரப்பணும். நாலுக்கும் ஒரே நிறம் அடிச்சா படிக்கட்டு மாதிரி வெட்டு தெரியும். அதனால பிரவுசர் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவுல இடைப்பட்ட நிறங்களைக் கணக்குப் போட்டு நிரப்புது. எழுத்தோட ஓரத்தைச் சுத்தி ஒரு கலங்கலான படலம் வரும். நம்ம கண்ணு அதைத்தான் மங்கல்னு சொல்லுது.

கீழே இருக்கிற விலை ஏன் மங்கலை? அது படம் இல்லை, எழுத்துரு. எழுத்துருவுக்குள்ள இருக்கிறது பிக்சல் இல்லை, வளைவுகளோட வரைபடம். 200%னா அந்த வளைவை ரெண்டு மடங்கு பெருசா புதுசா வரைஞ்சுக்கும். படத்துக்கு அந்த வழி கிடையாது. கையில இருக்கிற 600 பிக்சலை இழுத்துத்தான் ஆகணும். இன்னொண்ணையும் கவனிங்க: பழைய திரையில எழுத்தும் கொஞ்சம் கரடுமுரடு, படமும் கொஞ்சம் கரடுமுரடு, அதனால வித்தியாசம் தெரியலை. புதுத் திரையில பக்கத்துலேயே கூர்மையான எழுத்து இருக்கிறதால படத்தோட மங்கல் ரெண்டு பங்கா உறுத்துது.

[காட்சி: பிரவுசர் ஜூம் 100%-லிருந்து 50%-க்கு இறங்குகிறது.]

இதை நீங்களே சோதிச்சுப் பார்க்கலாம். ஸ்கேலிங் 200%ல இருக்கும்போது, பிரவுசர்ல Ctrl-ஐ அழுத்திக்கிட்டு கழித்தல் குறியைத் தட்டி ஜூமை 50%க்குக் கொண்டு வாங்க. இரண்டும் பெருக்கினா ஒண்ணு. இப்போ ஒரு படப் பிக்சலுக்கு ஒரு திரைப் பிக்சல். குப்பி சின்னதா இருக்கும், ஆனா "ண்" மேல இருக்கிற புள்ளி குத்திவெச்ச மாதிரி தெரியும். தெரிஞ்சா, படத்துல பிக்சல் போதலைங்கிறதுதான் பிரச்சினை. அப்பவும் மங்கலா இருந்தா, படமே மங்கலா எடுத்தது, இல்ல வாட்ஸ்அப்ல நாலு கை மாறி நசுங்கினது. அதுக்கு ஸ்கேலிங் மேல பழி போட வேண்டாம்.

உங்க பிரவுசர்ல இந்தப் பெருக்கல் எவ்வளவுன்னு பார்க்க, F12 தட்டி Console-ல இதை அடிங்க:

```js
window.devicePixelRatio
```

2ன்னு வந்தா, பக்கம் கேட்கிற ஒரு பிக்சலுக்கு அகலத்துல ரெண்டு, உயரத்துல ரெண்டு. விண்டோஸ் 150%, பிரவுசர் 100%னா 1.5 வரும்.

[காட்சி: Settings → System → Display. Scale, Display resolution இரண்டும் வட்டமிடப்படுகின்றன.]

இப்போ செட்டிங்ஸ். டெஸ்க்டாப்புல வெறும் இடத்துல வலது கிளிக், Display settings. இங்க Scale, Display resolution னு ரெண்டு இருக்கு. பலர் தவறு பண்ற இடம் இதுதான். எழுத்து சின்னதா இருக்குன்னு Scale-ஐ விட்டுட்டு, resolution-ஐ 2880-லிருந்து 1920-க்கு இறக்கிருவாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. திரைக்குள்ள இருக்கிற பிக்சல் எண்ணிக்கை மாறாது, அது 2880தான். 1920 பிக்சல்ல வரைஞ்ச மொத்தக் காட்சியையும் ஒன்றரை மடங்கு இழுத்துப் போடும். அப்போ படம் மட்டுமில்ல, எழுத்துருவும் சேர்ந்து மங்கிரும். கூர்மைக்குக் காசு கொடுத்து வாங்கின திரை வீணாப் போகும். resolution எப்பவும் Recommended-லயே இருக்கட்டும். பெருசு, சிறுசு எல்லாம் Scale வேலை.

Scale-ல எதைத் தேர்ந்தெடுக்கிறது? 200% கணக்குச் சுத்தமானது: ஒண்ணுக்கு நாலு, சமமா விழும். 150%ல ஒரு படப் பிக்சலுக்கு ஒன்றரைத் திரைப் பிக்சல் வரணும். அரைப் பிக்சல்னு ஒண்ணு கிடையாதே. மெல்லிய கோடு, கட்டம், சின்ன ஐகான் இதுல எல்லாம் ஓரம் ஒரு பக்கம் அழுத்தமா, மறுபக்கம் மெலிஞ்சு வரும். ஆனா 600 பிக்சல் படத்தை 150% 900-க்குத்தான் இழுக்கும், 200% 1200-க்கு இழுக்கும். அதனால 150%ல அதே போட்டோ கொஞ்சம் சின்னதாவும் கொஞ்சம் கூர்மையாவும் தெரியலாம். அதுக்காகக் கண்ணைக் கஷ்டப்படுத்திக்க வேண்டாம். வாசிக்க வசதியான அளவை வெச்சுக்கிட்டு, படத்தைச் சரி பண்றதே நேரான வழி. Scale-ஐ மாத்தின உடனே சில புரோகிராம் மங்கலா நின்னா, ஒரு தடவை சைன் அவுட் பண்ணி உள்ள வாங்க.

மேக்புக்கில் கதை கொஞ்சம் வேற. 13.3 அங்குல, 2560-க்கு 1600 திரை உள்ள மேக்புக் ஏர், முழுக் காட்சியையும் 2880-க்கு 1800 பிக்சல்ல வரைஞ்சு, அப்புறம் திரை அளவுக்குச் சுருக்குது. சுருக்குறதுல இழப்பு குறைவு, அதனால கண்ணுக்கு அவ்வளவா தெரியாது. குறைஞ்ச பிக்சல் படம் அங்கேயும் மங்கத்தான் செய்யும்.

[காட்சி: ஒரு கடையின் பழைய பில்லிங் சாஃப்ட்வேர். ஜன்னல் முழுக்க மங்கல்.]

இது தனி வியாதி. வடசேரி பக்கம் ஒரு கடையில பழைய பில்லிங் சாஃப்ட்வேரைப் புது லேப்டாப்புல போட்டா இப்படித்தான் இருக்கும். படம் மட்டுமில்ல, எழுத்து, பட்டன், அந்த ஜன்னலே மொத்தமா மங்கல். பக்கத்துல திறந்திருக்கிற பிரவுசர் மட்டும் கூர்மை. அந்த சாஃப்ட்வேருக்கு ஸ்கேலிங்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. அது 100%க்கு வரையுது, விண்டோஸ் அதை ஒரு போட்டோ மாதிரி எடுத்து இழுத்துப் போடுது.

அதோட ஐகான்ல வலது கிளிக், Properties, Compatibility, Change high DPI settings. அங்க Override high DPI scaling behavior-ஐ டிக் பண்ணி, முதல்ல System (Enhanced) போட்டுப் பாருங்க. பல பழைய சாஃப்ட்வேர்ல எழுத்து கூர்மையாயிரும், உள்ளே இருக்கிற ஐகான் படங்கள் மட்டும் மங்கலாவே நிக்கும். எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னா Application-க்கு மாத்துங்க. அதுல எல்லாம் கூர்மை, ஆனா ஜன்னல் பொடிசா சுருங்கலாம்.

[காட்சி: மீண்டும் தேன் குப்பி. போட்டோஷாப் ஒரு பக்கம், பிரவுசர் ஒரு பக்கம்.]

திரும்பத் தேன் கடைக்கு வருவோம். வலைப்பக்கம் செஞ்சு கொடுக்கிறவங்க அடிக்கடி சொல்றது: "போட்டோஷாப்புல 100% வெச்சுப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு." உண்மைதான். போட்டோஷாப்போட 100%ங்கிறது ஒரு படப் பிக்சலுக்கு ஒரு திரைப் பிக்சல். பிரவுசரோட 100%ங்கிறது ஒண்ணுக்கு நாலு. ரெண்டு 100%மும் ஒண்ணு இல்லை. பிரவுசர்ல எப்படி வரும்னு தெரிஞ்சுக்க, 200% லேப்டாப்புல போட்டோஷாப்பையும் 200%க்கு ஜூம் பண்ணிப் பாருங்க.

தீர்வு: பக்கத்துல 600 அகலத்துல காட்டுற படத்தை 1200 அகலத்துல ஏத்துங்க. போன் கேமராவுல எடுத்த மூலப் படம் பெரும்பாலும் இதைவிடப் பெருசாத்தான் இருக்கும், அதிலிருந்து சுருக்கி 1200 எடுங்க. ஏற்கெனவே இருக்கிற 600 படத்தை இழுத்து 1200 ஆக்கினா பிரயோசனம் இல்லை, பிரவுசர் செஞ்ச அதே இழுவையை நீங்க முன்கூட்டியே செஞ்சு வெச்சதாத்தான் ஆகும். மூலப் படத்தை வாட்ஸ்அப்ல வாங்கினா Document-ஆ அனுப்பச் சொல்லுங்க; போட்டோவா அனுப்பினா வழியிலேயே சுருங்கிரும்.

பழைய திரைக்காரங்க பெரிய படத்தைச் சும்மா இறக்க வேண்டாம்னா, ரெண்டையும் கொடுத்து பிரவுசரையே தேர்ந்தெடுக்க விடலாம்:

```html
<img src="then-600.jpg"
     srcset="then-600.jpg 1x, then-1200.jpg 2x"
     width="600" alt="தேன் குப்பி">
```

இதுல width="600" விட்டுப் போகக் கூடாது. srcset இல்லாம 1200 படத்தை மட்டும் போட்டு, width-ஐயும் மறந்துட்டா, படம் 1200 அகலத்துக்கே விரிஞ்சு, மறுபடி இழுபட்டு, பழைய மங்கலே திரும்ப வரும்.

பிக்சல் நாலு மடங்கு ஆச்சே, ஃபைல் கனக்குமேன்னு பயப்பட வேண்டாம். 1200 படத்தை ஜேபெக்கா சேமிக்கும்போது தரத்தை 60 பக்கம் இறக்கிப் பாருங்க. அடர்த்தியான திரையில பிக்சல் ரொம்பப் பொடிசா இருக்கிறதால அந்தச் சேதாரம் கண்ணுல படாது. லேபிள்ல சிவப்பு எழுத்து இருந்தா மட்டும் ஓரத்துல நிறம் கசியுதான்னு பார்த்துட்டு, கசிஞ்சா தரத்தைக் கொஞ்சம் ஏத்துங்க.

[காட்சி: படத்தின் மேல் வலது கிளிக். புது டேப் திறக்கிறது. தலைப்பில் படத்தின் அளவு.]

ஏத்தின பிறகு சரியான படம்தான் வந்திருக்கான்னு பார்க்க, குரோமில் படத்து மேல வலது கிளிக் பண்ணி Open image in new tab கொடுங்க. டேப் தலைப்புல ஃபைல் பேரும் அகலமும் உயரமும் வரும். 200% லேப்டாப்புல அங்க 600ன்னு இருந்தா, பிரவுசர் இன்னும் பழைய படத்தைத்தான் எடுக்குது. கடைப் பக்கத்துக்குப் போய், Ctrl, Shift, R மூணையும் சேர்த்துத் தட்டி பக்கத்தை மறுபடி ஏத்திட்டு, படத்தைத் திரும்பவும் புது டேப்ல திறந்து பாருங்க. 1200ன்னு வந்த பிறகு கடைப் பக்கத்துக்குத் திரும்பி, அந்த "ண்" மேல இருக்கிற புள்ளியைப் பாருங்க.