ட்ரையர் மணிதான் தராசு

நீடாமங்கலம் கல்யாண மண்டபத்தில், அரிசி ஆலைக்காரர்கள் கூடிய பட்டிமன்றத்தில் நடுவர் போட்ட கேள்வி: "பணம் இருக்கு, பேங்கும் தரேங்குது. ஆனா மெஷின் ஒண்ணுதான். அப்ப எந்த வேலையை முதல்ல எடுக்கறது? மொத்தத்துல லாபம் பெருசா நிக்கிற வேலையையா, மெஷின் மணிக்கு அதிகமா நிக்கிற வேலையையா?" இரண்டாவது அணியின் கடைசிப் பேச்சாளர் பேசியது:

நடுவர் ஐயாவுக்கும், எதிரணி அண்ணன்மார்களுக்கும், நெல் தூசி இருமலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அப்பாவுக்கும் வணக்கம்.

நான் காஸ்ட் அக்கவுண்டன்ட். ஆனால் இன்றைக்குப் புத்தகக் கணக்கு எதுவும் கொண்டுவரவில்லை. எங்கள் ஆலைக் கணக்கைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். அப்பாவிடம் அனுமதி வாங்கியாயிற்று. பார்ட்டி பெயர்களை மட்டும் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

எங்களிடம் ஊறல் தொட்டி போதுமான அளவு இருக்கிறது, அரைவை இருக்கிறது, கலர் சார்ட்டர் பாதி நேரம் சும்மா நிற்கிறது. எல்லாம் வந்து முட்டுவது ட்ரையரில். அவித்த நெல்லில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் ஈரம் இருக்கும். அரைக்க வேண்டுமானால் அதைப் பதினாலுக்குக் கொண்டுவர வேண்டும். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அரிசியில் கீறல் விழும், அரைவையில் பாதி குருணையாகக் கொட்டும். நடுவில் நிறுத்தி நெல்லை ஆறவிட்டு, மறுபடி காற்றுக் கொடுத்தாக வேண்டும். எங்கள் ட்ரையரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், ஈர மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, நாலு நெல்லை உரித்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'கடக்' என்று சத்தம் வந்தால்தான் ஈடு இறங்கும். நசுங்கினால் இன்னும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை எந்த பேங்கும் கடனாகத் தராது.

இப்போதுள்ள வேலை போக, வருடத்துக்கு 2,400 ட்ரையர் மணி எங்களுக்கு மிச்சம். அதற்கு நாலு வேலை வந்து வரிசையில் நிற்கிறது. நாலும் ஐந்து வருட ஒப்பந்தம். ஐந்து வருட வரவு செலவையும் இன்றைய பணமாகச் சுருக்கி, போட வேண்டிய முதலைக் கழித்து வருகிற என்பிவியைத்தான் இனி 'நிற்பது' என்று சொல்லப்போகிறேன்.

சென்னை மொத்த வியாபாரிக்கு இட்லி அரிசி: 60 லட்சம் நிற்கும், வருடத்துக்கு 2,000 மணி தின்னும். விடுதி மெஸ்களுக்குச் சாப்பாட்டுப் புழுங்கல்: 40 லட்சம், 1,000 மணி. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி மாதிரி ரகங்களைப் பாக்கெட் போட்டு விற்பது: 36 லட்சம், 600 மணி. பிரியாணிக்காரர்களுக்குச் சீரகச் சம்பா பச்சரிசி: 28 லட்சம், 400 மணி. அவியல் கிடையாது, களத்து ஈரத்தை மட்டும் இறக்கினால் போதும் என்பதால் அதற்கு மணி குறைவு.

எதிரணித் தலைவர் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "என்பிவி எதில் பெரிசோ அதை முதலில் எடு" என்றார். எடுத்துப் பார்ப்போம், அண்ணே. இட்லி அரிசி உள்ளே வந்தால் 2,000 மணி போயிற்று. மிச்சம் 400. அதில் மெஸ் நுழையாது, பாக்கெட் நுழையாது, சீரகச் சம்பாதான் நுழையும். கூட்டினால் 88 லட்சம்.

மணிக்கு எவ்வளவு என்று வகுத்து வரிசைப்படுத்துங்கள். சீரகச் சம்பா 7,000 ரூபாய், பாக்கெட் 6,000, மெஸ் 4,000, இட்லி அரிசி 3,000. கடைசியில் நின்றவர்தான் உங்கள் பட்டியலில் முதல் ஆள்! மேலே உள்ள மூன்றையும் எடுத்தால் 2,000 மணியில் 104 லட்சம். அதே ட்ரையர், அதே ஆட்கள், 16 லட்சம் கூடுதல், 400 மணி கையில் மிச்சம். வகுப்பது ஐந்து வருட மணியால்தானே, வருட மணியால் வகுக்கிறாளே என்று யாராவது கேட்கலாம். நாலும் ஒரே காலம் என்பதால் வரிசை மாறாது. ஒன்று மூன்று வருடம், ஒன்று எட்டு வருடம் என்று இருந்தால் இப்படி வகுக்கவே கூடாது.

அண்ணன் பேங்கில் இருந்தபோது கடன் தொகைக்கு வரம்பு வந்தால், போட்ட ரூபாய்க்கு எவ்வளவு நிற்கிறது என்று வகுத்துத்தானே ஃபைலை அடுக்கியிருப்பார்? முட்டுவது ரூபாய் என்றால் ரூபாயால் வகுக்கிறோம். இங்கே முட்டுவது ட்ரையர். வகுக்கிற எண் மாறுகிறது, வேறு ஒன்றும் இல்லை.

அவர் அடுத்துச் சொன்னது பாதி சரி. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "ஒப்பந்தத்தைக் கத்தரிக்காய் மாதிரி நறுக்கி வாங்க முடியாதே அம்மா" என்றார். உண்மைதான். எங்களிடம் 2,400க்குப் பதில் 1,400 மணிதான் இருக்கிறது என்று வையுங்கள். என் வரிசைப்படி போனால் சீரகச் சம்பா, பாக்கெட் இரண்டும் சேர்ந்து 1,000 மணி, 64 லட்சம். மிச்சமுள்ள 400 மணியில் மெஸ் நுழையாது. ஆனால் பாக்கெட்டை விட்டுவிட்டு, சீரகச் சம்பாவோடு மெஸ்ஸை எடுத்தால் 1,400 மணியும் நிரம்பி 68 லட்சம். என் வரிசை நாலு லட்சம் தோற்றது. அதனால் வரிசை போட்ட பிறகு, கடைசியாக எவ்வளவு மணி சும்மா கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். நிறையக் கிடந்தால் ஜோடிகளை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். நாலு வேலைக்கு அது காகிதத்தில் பத்து நிமிட வேலை. ஆனால் அண்ணே, 1,400 மணியில் உங்கள் இட்லி அரிசி வாசலைக்கூடத் தாண்டாது!

அறுவடை மெஷின் வைத்திருக்கும் அண்ணன் எழுந்து, "நான் பத்து வருஷமா மணிக்கணக்குலதான் வாங்குறேன், இதுல என்ன புதுசு?" என்றார். கைதட்டலும் வாங்கினார். அண்ணே, நீங்கள் சொல்வது வாடகை. டீசல், டிரைவர் பேட்டா, செயின் தேய்மானம் எல்லாம் அதற்குள்ளே. எந்த வயலுக்குப் போனாலும் உங்களுக்கு மணிக்கு ஒரே ரேட், அதனால் எந்த வயல் முதலில் என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. சாய்ந்து சேற்றில் கிடக்கிற வயலுக்கும் நிமிர்ந்து நிற்கிற வயலுக்கும் செலவு போக மணிக்கு என்ன மிஞ்சுகிறது என்று பிரித்துப் பார்த்திருந்தால், நீங்கள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

"இன்னொரு ட்ரையர் வாங்கிப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. வாங்கலாம். ஆனால் மூன்று வேலை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, வெளியே நிற்பது இட்லி அரிசி ஒன்றுதான். புது ட்ரையர் புதிதாகக் கொண்டுவருவது அந்த 60 லட்சத்தை மட்டும். வாங்கி, நிறுத்தி, ஐந்து வருடம் பராமரிக்க ஆகும் செலவு அதைத் தாண்டினால் கணக்கு உதைக்கும். அதோடு எங்கள் பாய்லர் இரண்டு ட்ரையரைத் தாங்குமா என்பது தனிக் கதை. தாங்காவிட்டால் அடுத்த வருடம் 'பாய்லர் மணி' என்று தலைப்பு வைத்து இதே மண்டபத்தில் கூடுவோம்.

சரி, இனிமேல் சொல்லப்போவது எதிரணிக்குக் கிடைக்காத ஆயுதம். நானே எடுத்துத் தருகிறேன்.

இந்தக் கணக்கைப் போட்டு அப்பாவிடம் காட்டியபோது, மிச்சமுள்ள 400 மணியில் வெளியார் நெல்லைக் கூலிக்குக் காயவைத்துக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தேன். டீ கொண்டுவந்த ட்ரையர் அண்ணன் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாப்பா, இந்த 400 மணி எந்த மாசத்துல இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. அவரிடம் இருந்தது. குறுவை அறுவடை புரட்டாசி மழையில் நனைந்து வரும். தைக்குப் பிறகு சம்பாவும் தாளடியும் வரும். அந்த ஐந்து மாதம் ட்ரையர் மூச்சு விடாது. சித்திரை வெயிலில் நெல் ரோட்டிலேயே காய்ந்துவிடும், கூலி கொடுக்க யார் வருவார்கள்? நான் சொன்ன 2,400 மணியில் நெருக்கடி மாதங்களில் இருப்பது 900தான். மிச்சம் 1,500ம் கோடைக் காற்று.

திரும்ப உட்கார்ந்தேன். நெருக்கடி மணியால் மட்டும் வகுத்தேன். மெஸ் அரிசிக்குக் காய்ந்த நெல்லை இருப்பு வைத்து, கோடையில் அவித்துக்கொள்ளலாம். அதன் 1,000 மணியில் நெருக்கடியில் விழுவது 200தான். பாக்கெட்டுக்கு 300. இட்லி அரிசி மாதாமாதம் சமமாகப் போக வேண்டும் என்பதால் 800 வரை. சீரகச் சம்பாவோ களத்திலிருந்து ஈரமாக வந்து அன்றைக்கே ஏற வேண்டும், 400 மணியும் நெருக்கடியில்தான்.

இப்போது வரிசையைப் பாருங்கள். மெஸ் 20,000 ரூபாய். பாக்கெட் 12,000. இட்லி அரிசி 7,500. சீரகச் சம்பா 7,000. முதலில் நின்ற பையன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான்! முன்பு எடுத்த மெஸ், பாக்கெட், சீரகச் சம்பா மூன்றும் சேர்ந்து சரியாக 900 மணி என்பதால் இந்தத் தடவை பிழைத்தோம், எடுக்கிற வேலை மாறவில்லை. ஆனால் தை மாதத்தில் ஒரு மோட்டார் எரிந்தால் எதைத் தள்ளிப்போடுவது என்ற கேள்விக்குப் பதில் தலைகீழாகிவிட்டது. இதை 'அப்படியானால் மணிக்கணக்கே தப்பு' என்று எதிரணி எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த மணி நிஜமாகவே முட்டுகிறதோ அந்த மணியால் வகுக்க வேண்டும். நான் வகுத்தது தப்பான மணியால்.

வீட்டில் சண்டை இன்னும் ஓயவில்லை. சீரகச் சம்பாவை விட்டுவிட்டு இட்லி அரிசியில் பாதியை எடுத்தால் அதே 400 நெருக்கடி மணியில் 30 லட்சம் நிற்குமே, 2 லட்சம் ஏன் விட வேண்டும் என்பது அப்பா கட்சி. வேலை பாதியானால் போட வேண்டிய முதல் பாதியாகிவிடாது, அதனால் 30 நிற்காது என்கிறேன் நான். தவிர, அதற்குக் கோடையில் 600 மணி வேண்டும், இருப்பது 400. "அந்த 200 மணி நெல்லைக் களத்துல கொட்டிக் காயவைப்போம், சித்திரை வெயில் எதுக்கு இருக்கு?" என்கிறார். அவித்த நெல் சிமெண்டுக் களத்தில் மேலே காய்ந்து அடியில் ஈரமாக நிற்கும், கோடை மழை ஒன்று அடித்தால் வாடை வந்துவிடும் என்று ட்ரையர் அண்ணன் என் பக்கம். ஆனால் தினமும் கிளறிவிட நாலு ஆள் இருந்தால் முடியும் என்று அவரே அடுத்த நாள் அப்பா பக்கம் போய்விட்டார். சீரகச் சம்பா ஒப்பந்தம் இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது, கையெழுத்து ஆகவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். உட்கார்ந்துகொள்கிறேன், நடுவர் ஐயா.