வார இறுதியிலும் நூலகம்: அறங்காவலர் கடிதத்தில் எது இருக்க வேண்டும்?

(திரையில்: ஒரு பக்கக் கடிதம்)

ஒரு சின்ன நூலகம். ஒரே ஒரு நூலகர். சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. இனி சனிக்கிழமை மாலை 5 வரை, ஞாயிறு 2 முதல் 5 வரை என்று அறங்காவலர் வாசகர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். உதாரணத்துக்காக நாமே உருவாக்கிய நூலகம்தான் இது.

சனிக்கிழமை 4, ஞாயிறு 3, ஆக 7 மணி நேரம் கூடுகிறது. நூலகர் அதே ஒருவர்தான். அப்படியானால் அந்த 7 மணி நேரம் எங்கிருந்து வருகிறது? செவ்வாய்க்கிழமையிலிருந்து. அன்று 10 முதல் 5 வரை இனி பூட்டு.

பல கடிதங்கள் இந்த இடத்தில்தான் மழுப்பும். ஞாயிறு திறப்பு கொட்டை எழுத்தில் இருக்கும், செவ்வாய் மூடல் கடைசி வரியில் ஒளிந்திருக்கும். செவ்வாய்தோறும் நாளிதழ் படிக்க வருபவர் பூட்டிய கதவைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொள்வார். இரண்டையும் முதல் பத்தியிலேயே சேர்த்து எழுதிவிடுவது நல்லது.

(திரையில்: "சோதனைக் காலம்: 12 வாரங்கள்")

அடுத்தது சோதனைக் காலம். தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் வேண்டும். 'சில மாதங்களுக்கு' என்று விட்டால் அது சோதனையே இல்லை. எதை எண்ணப்போகிறோம் என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். முடிந்தபிறகு அளவுகோலைத் தேடினால், ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஏற்ற எண்தான் கையில் சிக்கும்.

எண்ணுவதிலும் ஒரு சிக்கல். ஞாயிறு மாலை வாசல் எண்ணி 84 காட்டுகிறது. அந்தக் கருவி உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சேர்த்து எண்ணும் வகை என்றால், வந்தவர்கள் 42 பேர்தான்.

சரி, 42 பேர் வந்தார்களே, வெற்றிதானே? பொறுங்கள்.

(திரையில்: முன்பு 75, இப்போது 80)

முன்பு சனிக்கிழமை 60 பேர், செவ்வாய்க்கிழமை 15 பேர், மொத்தம் 75. இப்போது சனிக்கிழமை 38, ஞாயிறு 42, மொத்தம் 80. மற்ற நாட்களில் மாற்றமில்லை என்று வைத்துக்கொண்டால், கூடியது வெறும் 5 வருகை. ஞாயிறு வந்தவர்களில் பாதிக்கு மேல் சனிக்கிழமையிலிருந்து நகர்ந்தவர்களாக இருக்கலாம். அதனால் ஒரு நாளை மட்டும் பார்க்காமல் வார மொத்தத்தைப் பார்க்க வேண்டும். ஒப்பிட முந்தைய கணக்கு வேண்டுமே. தொடங்குவதற்கு முன் 4 வாரமாவது எண்ணி வைத்தால்தான் உண்டு.

அதற்காக 5 என்பது தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது. வார நாட்களில் வரவே முடியாதவர்கள் ஞாயிறு வந்திருந்தால் அது வேறு கணக்கு. வாசலில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இந்த நேரம் இல்லையென்றால் இந்த வாரம் வந்திருப்பீர்களா?"

முதல் இரண்டு வாரத்து எண்களைத் தனியாக வைத்துவிடலாம். வேடிக்கை பார்க்க வருபவர்களும் அதில் இருப்பார்கள்.

கடைசியாக, பலரும் மறப்பது: செவ்வாய்க்கிழமை திருப்பித் தர வேண்டிய புத்தகங்கள். ஏற்கெனவே அந்தத் தேதி முத்திரை விழுந்த புத்தகங்களைப் புதன் மாலை வரை அபராதம் இல்லாமல் தரலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.