ஃபவுண்டரி காலியா, ஃபுல்லா? அதைக் கேக்காம ட்ரான்ஸ்ஃபர் ப்ரைஸ் போடாதீங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துடறேன், ஏன்னா கொஞ்சம் எரிச்சல்ல இருக்கேன். ஒரே கம்பெனியில ஒரு டிவிஷன் இன்னொரு டிவிஷனுக்குப் பொருள் கொடுக்கும்போது போடற விலைதான் ட்ரான்ஸ்ஃபர் ப்ரைஸ். ஃபவுண்டரி காலியா இருக்கிற மாசத்துல அது குறைஞ்சபட்சம் எவ்வளவு, ஃபுல்லா ஓடுற மாசத்துல எவ்வளவுன்னு போன வீடியோல ஒரு கணக்கு கொடுத்திருந்தேன். அதுக்கு பதில் அனுப்பியிருக்கீங்க, சந்தோஷம். ஆனா முக்கால்வாசிப் பேர் ஒரே நம்பரை அனுப்பியிருக்கீங்க. 1,300 ரூபாய். ஃபவுண்டரி காலியா இருக்கிற மாசத்துக்கும் 1,300, மூச்சு விட நேரமில்லாம ஓடுற மாசத்துக்கும் 1,300. அப்புறம் நான் எதுக்குய்யா ரெண்டு மாசம்னு பிரிச்சுக் கேட்டேன்?

புதுசா வந்தவங்களுக்காக கணக்கை ஒரு தடவை சொல்லிடறேன். கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனின்னு வச்சுக்குங்க. ஒரே கம்பெனி, ரெண்டு டிவிஷன். ஃபவுண்டரி டிவிஷன் கேசிங் காஸ்டிங் ஊத்துது. பம்ப் டிவிஷன் அதை வாங்கி மெஷினிங் பண்ணி பம்ப்பா அசெம்பிள் பண்ணி விக்குது. ஃபவுண்டரியால மாசம் 10,000 கேசிங் போட முடியும். அதே கேசிங்கை வெளி ஆளுங்களுக்கு 1,500 ரூபாய்க்கு விக்குது. ஒரு கேசிங்குக்கு பிக் அயர்ன், ஸ்கிராப், கரண்ட், மணல், ரெசின், ஃபெட்லிங் கூலி எல்லாம் சேர்த்து வேரியபிள் காஸ்ட் 1,000. ஃபிக்ஸட் காஸ்ட்டைப் பங்கு போட்டா பீஸுக்கு 300. பம்ப் டிவிஷனுக்கு மாசம் 3,000 கேசிங் வேணும். அவங்க கையில வெளி சப்ளையரோட கொட்டேஷன் இருக்கு, 1,380 ரூபாய், அவங்க கேட்ல டெலிவரி.

சரி, அந்த 1,300 எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப தெரியுதுல்ல? ஆயிரமும் முந்நூறும் சேர்ந்த ஃபுல் காஸ்ட். எனக்கு இந்த ஃபுல் காஸ்ட்டைக் கண்டாலே ஆகாதுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும்.

முதல் மாசத்தை எடுப்போம். ஃபவுண்டரி வெளியில 6,000 கேசிங்தான் விக்குது. 4,000 போடுற அளவுக்கு இடம் சும்மா கிடக்கு. பம்ப் டிவிஷன் கேக்குற 3,000-த்தைப் போட்டுக் கொடுத்தா கம்பெனி கையை விட்டுப் புதுசா போற பணம் எவ்வளவு? பீஸுக்கு 1,000. அந்த 300 இருக்கே, ஷெட் வாடகை, ஃபர்னஸ் தேய்மானம், மேனேஜர் சம்பளம், அதெல்லாம் கேசிங் போட்டாலும் போகும், போடாட்டாலும் போகும். வெளி ஆர்டர் எதையும் விட்டுக் கொடுக்கவும் இல்லை. அதனால ஃபவுண்டரி ஒத்துக்கக்கூடிய குறைஞ்சபட்ச விலை 1,000. பம்ப் டிவிஷன் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை 1,380, அதுக்கு மேல கேட்டா அவங்க வெளியில வாங்கிடுவாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க பேசி முடிச்சாலும் கம்பெனிக்கு ஒண்ணுதான். லாபம் எந்த டிவிஷன் கணக்குல விழுதுங்கறது மட்டும்தான் மாறும்.

“1,300-ம் அந்த நடுவுலதானே இருக்கு, அப்ப சரிதானே”ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். கொட்டேஷன் 1,380-ஆ இருக்கிற வரைக்கும் சரி, அதுவும் தற்செயலா சரி. நாளைக்கே வெளி சப்ளையர் 1,250-க்கு இறங்குறார்னு வைங்க. பம்ப் மேனேஜர் என்ன பண்ணுவார்? உள்ள 1,300, வெளிய 1,250, பீஸுக்கு 50 ரூபாய் மிச்சம்னு வெளியில வாங்குவார். அவர் ரிப்போர்ட்ல அது சாதனை. ஆனா கம்பெனி 1,000 ரூபாயில செஞ்சிருக்க வேண்டிய கேசிங்குக்கு 1,250 கொடுத்திருக்கு. பீஸுக்கு 250 நஷ்டம், 3,000 பீஸுக்கு மாசம் ஏழரை லட்சம். ஃபவுண்டரியில ஆள் சும்மா உக்காந்திருக்க, பக்கத்து ஷெட்டுக்கு வெளி லாரியில கேசிங் வந்து இறங்கும்! இன்னும் சில பேர் 1,300 மேல 10 சதவீதம் லாபம் வச்சு 1,430 போட்டிருக்கீங்க. அவங்களுக்கு சப்ளையர் விலையே இறங்க வேண்டாம், 1,380-லயே பம்ப் டிவிஷன் வெளியில போயிடும். பீஸுக்கு 380 போச்சு, மொத்தம் 11,40,000.

இப்ப ரெண்டாவது மாசம். ஃபவுண்டரி போடுற 10,000-மும் வெளியில வித்துடுது. இங்க பம்ப் டிவிஷனுக்கு 3,000 கொடுக்கணும்னா வெளி கஸ்டமர் 3,000 பேரோட, சாரி, 3,000 பீஸோட ஆர்டரை வெட்டணும். கல்யாண மண்டபம் வச்சிருக்கிறவர் ஆடி மாசத்துல தம்பி வீட்டு விசேஷத்துக்கு கரண்ட், கிளீனிங் காசு மட்டும் வாங்கிட்டு கொடுக்கலாம். தை மாச முகூர்த்தத்துல அப்படிக் கொடுத்தா அந்த நாள் வாடகை போச்சுல்ல, அதே கதைதான். விக்கிற விலையில வேரியபிள் காஸ்ட் போக நிக்கிறதுதான் கான்ட்ரிபியூஷன். அப்படிக் கைவிட்டுப் போற கான்ட்ரிபியூஷனைத்தான் ஆப்பர்சூனிட்டி காஸ்ட்னு சொல்றோம். வேரியபிள் காஸ்ட்டோட அதையும் சேர்த்தாத்தான் ஃபுல் கெபாசிட்டியில குறைஞ்சபட்ச விலை.

அப்ப 1,500-ல 1,000 போக 500, அதை 1,000 கூட சேர்த்தா 1,500னு... இருங்க இருங்க, ஒரு விவரம் சொல்லாம வந்துட்டேன். அந்த 60 ரூபாய். கேள்வியோட கடைசி வரியில இருந்துச்சு: வெளியில விக்கும்போது மட்டும் பேக்கிங், லாரி வாடகை, கமிஷன்னு பீஸுக்கு 60 ரூபாய் ஆகும். பக்கத்து ஷெட்டுக்குத் தள்ளுவண்டியில போற கேசிங்குக்கு அது கிடையாது. அதனால வெளி விற்பனையில ஃபவுண்டரிக்கு நிஜமா நிக்கிற கான்ட்ரிபியூஷன் 1,500 கழித்தல் 1,000 கழித்தல் 60, அதாவது 440. குறைஞ்சபட்ச விலை 1,440.

இந்த 60 ரூபாயை நான் லேசுல விடப் போறதில்லை. ஃபுல் கெபாசிட்டின்னா கண்ணை மூடிட்டு மார்க்கெட் விலையைப் போடுன்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க, எல்லாரும் 1,500னு எழுதுறீங்க. 60 ரூபாய்தானே, என்ன பெரிய வித்தியாசம்னு கேக்கறீங்களா? கொட்டேஷன் 1,380 இல்லாம 1,470-ஆ இருந்திருந்தா பாருங்க. 1,500 போட்டவங்க “உள்ள விலை அதிகம், வெளியில வாங்கு”ன்னு முடிவு எழுதுவீங்க. 1,440 போட்டவங்க “உள்ளயே கொடு”ன்னு எழுதுவாங்க. முடிவே தலைகீழ்! உள்ள கொடுத்தா கம்பெனிக்கு பீஸுக்கு 30 ரூபாய் மிச்சம், மாசம் 90,000. ஃபவுண்டரி ஃபுல்லா ஓடினாலும் உள்ள கொடுக்கிறது லாபமா இருக்க முடியும்னா, அதுக்குக் காரணம் இந்த மாதிரி மிச்சமாகுற விற்பனைச் செலவுதான். மார்க்கெட் விலைன்னு எங்க பார்த்தாலும், “உள்ள கொடுத்தா இதுல எது மிச்சம்”னு கேட்டுட்டுத்தான் கால்குலேட்டரைத் தொடணும். வாராக் கடன் நஷ்டம், வெளி கஸ்டமருக்குக் கொடுக்கிற டிஸ்கவுண்ட் இதெல்லாம் கூட இந்தக் கணக்குல வரும்.

நம்ம 1,380-க்குத் திரும்பி வருவோம். ஃபவுண்டரிக்குக் குறைஞ்சது 1,440 வேணும், பம்ப் டிவிஷன் 1,380-க்கு மேல தராது. பேச்சு முடியாது. முடியவும் கூடாது, அதுதான் சரி. பம்ப் டிவிஷன் வெளியில வாங்கட்டும், ஃபவுண்டரி வெளியில விக்கட்டும். ஹெட் ஆபீஸ் “நம்ம வீட்டுப் பொருளை விட்டுட்டு வெளியில வாங்குறதா”ன்னு ரோஷப்பட்டு 1,300-க்குக் கொடுன்னு உத்தரவு போட்டா என்ன ஆகும்? ஃபவுண்டரிக்கு பீஸுக்கு 140 நஷ்டம், 3,000-த்துக்கு 4,20,000. பம்ப் டிவிஷனுக்கு 80 லாபம், 2,40,000. கம்பெனிக்கு நிகரமா 1,80,000 நஷ்டம், மாசா மாசம். ரோஷத்துக்கு அது ரொம்ப ஜாஸ்தி.

பரீட்சையில மார்க் போற இடம் இனிமேதான். பாதி காலி. வெளியில 8,000 விக்குது, 2,000 இடம் இருக்கு, தேவையோ 3,000. இங்க ஒரே விலை எழுதாதீங்க. முதல் 2,000-த்துக்குக் குறைஞ்சபட்சம் 1,000. அடுத்த 1,000-த்துக்கு வெளி ஆர்டரை வெட்டணும், அதனால 1,440. கம்பெனிக்கு நல்லது எதுன்னா, 2,000 உள்ள, மீதி 1,000 வெளியில 1,380-க்கு. மொத்தச் செலவு 20,00,000-மும் 13,80,000-மும் சேர்த்து 33,80,000.

ஆனா வெளி சப்ளையர் “3,000-க்குக் குறைஞ்சா எடுக்க மாட்டேன்”னு சொல்லிட்டா? பேட்டர்ன், செட்டப் எல்லாம் இருக்கே, அப்படிச் சொல்றது சகஜம். அப்ப ரெண்டே வழி. மொத்தமும் வெளியில வாங்கினா 41,40,000. மொத்தமும் உள்ளன்னா 20,00,000-மும் 14,40,000-மும் சேர்த்து 34,40,000, பீஸுக்கு சராசரி 1,147 பக்கம். கடைசி ஆயிரம் பீஸ்ல தனியாப் பார்த்தா நஷ்டம்தான், ஆனாலும் உள்ளயே வாங்கணும். கேள்வியில “குறைஞ்சபட்ச ஆர்டர்”னு வார்த்தை இருந்தா ஒரு வட்டம் போட்டு வச்சுக்குங்க.

வேலையில இருக்கிறவங்களுக்கு இன்னொரு சிக்கல் சொல்லணும். நோட்டுல “காலி”ன்னு எழுதி இருக்கும், தளத்துல போய்ப் பார்த்தா கதை வேற. ஃபர்னஸ் பாதி நேரம் சும்மா நிக்கும், மோல்டிங் லைன் மூச்சு முட்டிட்டு இருக்கும். அது காலி ஃபவுண்டரி கிடையாது, ஃபுல் ஃபவுண்டரி. மேனேஜர் வாயால சொல்றதை நம்பாதீங்க. ஆர்டர் புக்கைக் கேளுங்க: கடந்த சில மாசத்துல வெளி ஆர்டரைத் திருப்பி அனுப்பியிருக்காங்களா, டெலிவரி தேதி தள்ளிப் போயிருக்கான்னு பாருங்க. திருப்பி அனுப்பியிருந்தா ஆப்பர்சூனிட்டி காஸ்ட் நிஜம். அனுப்பலைன்னா அவர் கேக்குற 1,440 வெறும் பேரம். அதே மாதிரி காலி இடத்தை ஓட்ட நைட் ஷிஃப்ட் புதுசா போடணும், அதுக்கு மாசம் 90,000 கூடுதல்னா, குறைஞ்சபட்ச விலை 1,000 இல்லை, 1,030.

கடைசியா, காலி மாசத்துல 1,000-க்குக் கொடுத்தா ஃபவுண்டரி மேனேஜருக்கு ஒரு பைசா கான்ட்ரிபியூஷன் இல்லை, அவர் ஏன் அக்கறை காட்டுவார்? கேசிங் லேட்டா வரும், ப்ளோஹோலோட வரும். அதனால பீஸுக்கு 1,000-த்தோட, இடம் ஒதுக்கி வச்சதுக்கு மாசம் ஒரு மொத்தத் தொகைன்னு தனியா பேசிக்கலாம். அந்த 1,000 முன்கூட்டியே இவ்வளவுதான் ஆகணும்னு முடிவு பண்ணி வச்ச ஸ்டாண்டர்ட் காஸ்ட்டா இருக்கணும், நிஜமா ஆன ஆக்சுவல் காஸ்ட்டா இல்லை. ஆக்சுவல்னு ஒத்துக்கிட்டா ஃபவுண்டரியில ரிஜெக்ஷன் எகிறினாலும் பில் பம்ப் டிவிஷனுக்குத்தான் வரும். ஒப்பந்தத்துல காலிக்கு ஒரு விலை, ஃபுல்லுக்கு ஒரு விலைன்னு ரெண்டையும் எழுதி, எந்த மாசம் எதுங்கறதை ஆர்டர் புக்கைப் பார்த்து ஃபைனான்ஸ்தான் முடிவு பண்ணும்னு ஒரு வரி சேர்த்துடுங்க. அந்த மொத்தத் தொகையை எப்படிக் கணக்குப் போடறதுன்னு அடுத்த வீடியோல பார்ப்போம்.