பணம் கட்டாத ஆறு ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

அஞ்சலகக் கவுண்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்பதால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பத்து வயது நிறையாத பெண் குழந்தையின் பெயரில் தொடங்கலாம், ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம், பொதுவாக ஒரு குடும்பத்தில் இரண்டு மகள்கள் வரை. இவ்வளவும் அநேகமாக உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பேச வந்தது, பலர் சரியாகப் புரிந்துகொள்ளாத ஒரு பகுதியைப் பற்றி. இந்தக் கணக்கில் பதினைந்து ஆண்டுகள்தான் பணம் கட்ட வேண்டும். முதிர்வோ இருபத்தோராம் ஆண்டின் முடிவில். நடுவில் இருக்கும் அந்த ஆறு ஆண்டுகளில் என்ன நடக்கிறது?

"கட்டி முடித்தாகிவிட்டது, கணக்கை மூடிப் பணத்தைக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. "மகளுக்கு இருபத்தொரு வயது ஆகும்போது பணம் வரும்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டுமே சரியல்ல. பதினைந்தும் இருபத்தொன்றும் கணக்குத் தொடங்கிய தேதியிலிருந்து எண்ணப்படுபவை. மகளின் வயதுக்கும் அந்த எண்களுக்கும் தொடர்பில்லை. பிறந்த சில மாதங்களில் தொடங்கினால் அவளுடைய இருபத்தோராவது வயதில் முதிரும். ஒன்பது வயதில் தொடங்கினால் முப்பது வயதில். மகளின் கல்யாணத்துக்கு என்று நினைத்து எட்டு, ஒன்பது வயதில் கணக்குத் தொடங்கும் பெற்றோர் இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

2015 ஜனவரி 22 அன்று பானிபட்டில் பிரதமர் இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டில் கணக்குத் தொடங்கியவர்களுக்கு 2030-இல் கட்டும் காலம் முடிகிறது. 2036-இல்தான் முதிர்வு. முதலில் வந்த விதிகளில் கட்டும் காலம் பதினான்கு ஆண்டுகள் என்றே இருந்தது. 2016-இல் அது பதினைந்து ஆனது. பழைய துண்டுப் பிரசுரத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதில் உள்ள எண்ணை நம்பி ஓராண்டு முன்பே நிறுத்திவிட வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று வயதுப் பெண் குழந்தை. தந்தை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் வாரத்தில், ஐந்தாம் தேதிக்குள், ஐம்பதாயிரம் ரூபாய் கட்டுகிறார். பதினைந்து முறை கட்டி நிறுத்திவிடுகிறார். அவர் கையிலிருந்து போனது மொத்தம் ஏழரை லட்சம். வட்டி 8.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் உயர்த்தப்பட்ட விகிதம் அது.

பதினைந்தாம் ஆண்டின் முடிவில் கணக்கில் ஏறத்தாழ 14 லட்சத்து 92 ஆயிரம் ரூபாய் இருக்கும். வட்டியாக மட்டும் சேர்ந்தது சுமார் 7 லட்சத்து 42 ஆயிரம். மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. இதற்குப் பிறகு தந்தை ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை, கட்டவும் முடியாது. ஆனால் கணக்கு தூங்கவில்லை. அதே திட்டத்தின் வட்டி, ஆண்டுக்கு ஒருமுறை, அசலோடு சேர்ந்துகொண்டே போகிறது. ஆறு ஆண்டுகள் கழித்து முதிர்வில் கிடைப்பது சுமார் 23 லட்சத்து 94 ஆயிரம்.

பதினைந்து ஆண்டுகள் சிரமப்பட்டுக் கட்டியபோது வந்த வட்டி ஏழரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. எதுவும் கட்டாமல் விட்ட ஆறு ஆண்டுகளில் வந்த வட்டி ஒன்பது லட்சத்துக்கும் மேல். இதில் மாயம் ஒன்றும் இல்லை. முதல் ஆண்டில் வட்டி ஐம்பதாயிரத்துக்கு மட்டும், அதாவது 4,100 ரூபாய். கட்டுவதை நிறுத்திய மறு ஆண்டில் வட்டி கிட்டத்தட்ட பதினைந்து லட்சத்துக்கு. அந்த ஓராண்டில் மட்டும் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் வருகிறது. கடைசி ஆண்டில் ஒரு லட்சத்து எண்பத்தோராயிரம். கூட்டு வட்டியின் பலன் கடைசியில்தான் கொட்டுகிறது. அந்தக் கடைசிப் பகுதியைத்தான் அவசரப்படுகிறவர்கள் வெட்டி எறிகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 8.2 என்பது இருபத்தொரு ஆண்டுகளுக்கும் உறுதி செய்யப்பட்ட விகிதம் அல்ல. மத்திய அரசு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இதைப் பரிசீலிக்கிறது. 2015-16-இல் 9.2 ஆக இருந்தது, 2020 ஏப்ரலில் 7.6-க்கு இறங்கியது, மறுபடி ஏறியது. விகிதம் மாறினால் ஏற்கெனவே உள்ள கணக்குகளுக்கும் புதிய விகிதம்தான். காலம் முழுவதும் 7.6 என்று வைத்துப் பார்த்தால் நம் உதாரணத்தின் முதிர்வுத் தொகை 22 லட்சத்தை ஒட்டி நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் வரும் அட்டவணைகளில் இந்த வரி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

ஐந்தாம் தேதிக்குள் என்று சொன்னேன் அல்லவா? அதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. ஏப்ரல் 4 அன்று கட்டினால் அந்த நிதியாண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் வட்டி உண்டு. வருமான வரிக் கணக்கு முடிப்பதற்காக மார்ச் கடைசி வாரத்தில் ஓடி வந்து கட்டினால் அந்த ஆண்டுக்கு அந்தத் தொகை எதையும் ஈட்டாது. நம் உதாரணத்தில் இருப்பவர் ஏப்ரலுக்குப் பதில் அதே நிதியாண்டின் மார்ச் கடைசியில் கட்டும் பழக்கம் உள்ளவராக இருந்தால், முதிர்வில் சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் குறையும். கட்டிய தொகை அதேதான், கட்டிய மாதம்தான் வேறு.

பதினைந்து ஆண்டுகள் என்பது நிதியாண்டுக் கணக்கு அல்ல, தொடங்கிய தேதிக் கணக்கு. ஆகவே ஆண்டின் நடுவில் தொடங்கியவர்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கிய கணக்கில் 2033 செப்டம்பர் வரை பணம் கட்டலாம். நிதியாண்டுகளை எண்ணிப் பாருங்கள், பதினாறு வரும். 2033 ஏப்ரலிலும் ஒரு தவணை கட்ட இடம் இருக்கிறது. விரும்பினால் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்தத் தேதி தாண்டிய பிறகு கட்ட முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும்படி உத்தரவு கொடுத்திருப்பவர்கள் அதை மறக்காமல் நிறுத்த வேண்டும்.

நடுவில் கையில் பணம் இல்லாமல் ஓர் ஆண்டு விட்டுப்போனால்? கணக்கு தவறிய கணக்கு ஆகும். விட்டுப்போன ஒவ்வோர் ஆண்டுக்கும் 250 ரூபாயும் ஐம்பது ரூபாய் அபராதமும் கட்டினால் சீராகிவிடும். ஆனால் அதைப் பதினைந்து ஆண்டுகள் முடிவதற்குள் செய்ய வேண்டும். சீர்செய்யாமலே விட்டுவிட்டாலும், 2019-இல் வந்த விதிகளின்படி அதுவரை கட்டிய பணத்துக்குத் திட்டத்தின் வட்டி முதிர்வு வரை தொடரும். வேலை போனவர், கடன் சுமையில் இருப்பவர் பலர் "இனிக் கட்ட முடியாது" என்று கணக்கையே மூட வருகிறார்கள். நினைத்தபோது மூட விதிகள் இடம் கொடுப்பதில்லை. மூட வேண்டிய அவசியமும் இல்லை. நாலைந்து ஆண்டுகள் கட்டிவிட்டு நிறுத்தியவரின் பணமும் அதே வேகத்தில் வளரும்.

பணம் தேவைப்படும் நேரமும் இந்த ஆறு ஆண்டுகளுக்குள்தான் பெரும்பாலும் வந்து சேர்கிறது. மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாலோ பதினெட்டு வயது நிறைந்துவிட்டாலோ, மேற்படிப்புக்காக, முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை எடுக்கலாம். சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ காட்ட வேண்டும். கொடுக்கும் தொகையும் அந்தக் கட்டணத்துக்குள்தான் இருக்கும். மொத்தமாகவும் வாங்கலாம், ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து தவணை வரையிலும் வாங்கலாம்.

நம் உதாரணத்தில் பதினெட்டு வயதில் பாதியை எடுத்தால் கையில் சுமார் 7 லட்சத்து 46 ஆயிரம். மீதிப் பாதி ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சமாக வளரும். எடுத்த பாதிக்கும் அதே வளர்ச்சி கிடைத்திருக்கும் என்று பார்த்தால், விட்டுக்கொடுத்த வட்டி நாலரை லட்சம். கல்லூரிக் கட்டணத்துக்காக அதைவிட அதிக வட்டியில் கடன் வாங்குவதைக் காட்டிலும் இது மேல் என்பதே என் கருத்து. ஆனால் தேவைப்படும் தொகையை மட்டும், தேவைப்படும் ஆண்டில் எடுங்கள். கேட்டால் கிடைக்கிறதே என்று முழுப் பாதியையும் முதல் ஆண்டிலேயே எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பதில் பயன் இல்லை.

திருமணத்துக்காகக் கணக்கை முன்கூட்டியே மூடவும் வழி இருக்கிறது. மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். திருமணத் தேதிக்கு ஒரு மாதம் முன்பிலிருந்து மூன்று மாதம் பின்பு வரைதான் மூடலாம். திருமணம் முடிந்து நாலாவது மாதம் வந்து கேட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லி மூட முடியாது. ஒன்பது வயதில் தொடங்கிய கணக்குகளில் இந்தக் கெடு மிகவும் முக்கியமானது.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. மகளுக்குப் பதினெட்டு வயது ஆன பிறகு கணக்கை நடத்தும் உரிமை அவளுக்குத்தான். தந்தை கையெழுத்துச் செல்லாது. அவள் தன் ஆதார், பான் எண் முதலிய ஆவணங்களைக் கொடுத்துக் கணக்கைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டும் காலம் முடிந்துவிட்டதால் யாரும் கவுண்டர் பக்கம் வருவதில்லை, இதுவும் தள்ளிப்போகிறது. பிறகு படிப்புக்குப் பணம் எடுக்க வரும் நாளில் பிறந்த தேதி ஒரு ஆவணத்தில் ஒரு மாதிரி, பெயரின் முதலெழுத்து இன்னொன்றில் இன்னொரு மாதிரி என்று தெரியவருகிறது. கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது ஆதாரைத் திருத்த வரிசையில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், பாஸ்புத்தகத்தை எடுத்து வந்து வட்டி வரவு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்போதே இவற்றையும் சரிபார்த்துவிடலாம்.

இருபத்தொரு ஆண்டுகள் நிறைந்ததும் மகள் விண்ணப்பம், பாஸ்புத்தகம், அடையாள ஆவணம், முகவரிச் சான்று ஆகியவற்றோடு வர வேண்டும். முதிர்வுத் தொகைக்கு வருமான வரி கிடையாது. பணம் அவளுக்குத்தான் வழங்கப்படும், கட்டியவர் தந்தையாக இருந்தாலும். ஆகவே அவள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு முன்பே இருக்கட்டும். முதிர்வுத் தேதிக்குப் பிறகும் அதே வட்டி கிடைக்கும் என்று எண்ணி அங்கேயே விட்டுவைக்க வேண்டாம். பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் கணக்குத் தொடங்கிய தேதி இருக்கும். அதன் பக்கத்திலேயே பதினைந்து கூட்டி ஒரு தேதி, இருபத்தொன்று கூட்டி ஒரு தேதி என்று இரண்டையும் இன்றே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.