கோடிங்-டீகோடிங்: இரண்டு முறை வரும் எழுத்தை முதலில் பாருங்கள்

கேள்வி: "அண்ணா, நான் கோத்தகிரியில இருந்து எஸ்.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். கோடிங்-டீகோடிங்ல விடை வந்துடுது, ஆனா ஒரு கேள்விக்கே ரெண்டு மூணு நிமிஷம் ஆகுது. பிளஸ் ஒன்னா, பிளஸ் டூவா, ரிவர்ஸான்னு ஒவ்வொன்னா போட்டுப் பார்க்கிறேன். என்ன ரூல்னு சீக்கிரமா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நேரம் எங்கே போகிறது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், தங்கச்சி. ஒவ்வொரு விதியாகப் போட்டுப் பார்ப்பதில்தான் போகிறது. சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் 60 நிமிடத்துக்கு 100 கேள்விகள். சராசரியாக ஒரு கேள்விக்கு 36 விநாடி. அதற்குள் நாலு விதியைப் போட்டுப் பார்த்துத் தள்ள முடியாது. கணக்குப் போடுவதற்கு முன்னால், எந்த வகை விதி என்பதைக் கண்ணாலேயே பிரித்துவிட வேண்டும். அதற்கு மிகவும் உதவுவது கொடுத்த சொல்லில் ஒரே எழுத்து இரண்டு முறை வருகிறதா என்று பார்ப்பது.

அதற்குள் போவதற்கு முன் ஒரு சின்ன விஷயம். எழுத்துகளின் எண்களை A-யிலிருந்து விரல் விட்டு எண்ணாதீர்கள். E, J, O, T, Y இந்த ஐந்தும் 5, 10, 15, 20, 25. நம் ஊர்ப் பெயர் OOTY-யிலேயே O, T, Y மூன்றும் வரிசையாக இருக்கின்றன, அதனால் E, J இரண்டை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். வேறு எந்த எழுத்து வந்தாலும் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றிலிருந்து இரண்டு படிக்குள் இருக்கும், A, B தவிர. அவை 1, 2 என்பது எப்படியும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மலை ரயிலில் போகும்போது பார்க்கிற குன்னூர் ஸ்டேஷன் பெயரை எடுத்துக்கொள்கிறேன். COONOOR. இதில் O நான்கு முறை வருகிறது: 2, 3, 5, 6-ஆம் இடங்களில். பலகையில் நான்கு குறியீடுகள் எழுதுகிறேன். நான்கும் நான்கு வேறு விதிகள்.

```
COONOOR
XLLMLLI
BPPMPPQ
BPNONPQ
DQRRTUY
```

கணக்கே போடாமல் O-க்குக் கீழே மட்டும் பாருங்கள். முதல் குறியீட்டில் நான்கு O-வும் L ஆகிவிட்டன. இரண்டாவதில் நான்கும் P. அப்படியென்றால் எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பற்றி இந்த விதிக்குக் கவலையே இல்லை. O என்றால் எப்போதும் அதே எழுத்துதான். மூன்றாவதில் O ஒரு இடத்தில் P, இன்னொரு இடத்தில் N. நான்காவதில் Q, R, T, U என்று நான்கும் வேறு வேறு. இவை இரண்டிலும் இடம் விதிக்குள் வந்துவிட்டது. பார்த்த மாத்திரத்தில் பாதி விதிகள் கழிந்துவிட்டன.

இனி ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ பார்த்தால் போதும். O எல்லாம் ஒன்றாகவே மாறியிருக்கிறது என்றால் மூன்று விதிகளைத்தான் முதலில் நினைக்க வேண்டும்: எல்லா எழுத்துக்கும் ஒரே நகர்வு, எதிர் எழுத்து, உயிரெழுத்துக்கு ஒன்று மெய்யெழுத்துக்கு வேறொன்று. XLLMLLI-யில் C, X ஆகியிருக்கிறது. 3-ம் 24-ம் சேர்ந்தால் 27. O, L: 15-ம் 12-ம் சேர்ந்தாலும் 27. கூட்டினால் 27 வந்தால் எதிர் எழுத்து, A-க்கு Z, B-க்கு Y என்கிற விதி. இதை ஓர் எழுத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். M, N ஆனால் அது எதிர் எழுத்தும்தான், ஒரு படி நகர்வும்தான். L, O ஆனால் எதிர் எழுத்தாகவும் இருக்கலாம், மூன்று படி நகர்வாகவும் இருக்கலாம். அதனால்தான் இன்னொரு எழுத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.

BPPMPPQ-வில் C ஒரு படி பின்னால் போய் B, O ஒரு படி முன்னால் போய் P. N பின்னால், R-ம் பின்னால். O மட்டும் முன்னால் போகிறது. ஆக, A, E, I, O, U வந்தால் பிளஸ் ஒன்று, மற்ற எழுத்துகளுக்கு மைனஸ் ஒன்று.

இடம் சம்பந்தப்பட்டவற்றில் O எப்படி மாறுகிறது என்பதே விதியைச் சொல்லிவிடும். BPNONPQ-வில் 2, 6-ஆம் இடங்களின் O, P ஆகிறது. 3, 5-ஆம் இடங்களின் O, N ஆகிறது. இரட்டைப்படை இடத்தில் பிளஸ், ஒற்றைப்படை இடத்தில் மைனஸ். DQRRTUY-யில் இரண்டாம் இடத்து O இரண்டு படி, மூன்றாம் இடத்து O மூன்று படி, ஐந்தாம் இடத்து O ஐந்து படி. எத்தனையாவது இடமோ அத்தனை படி. இதிலேயே இன்னொரு அடையாளமும் இருக்கிறது: O-வும் N-ம் பக்கத்துப் பக்கத்தில் R, R என்று ஒரே எழுத்தாகிவிட்டன. வேறு வேறு எழுத்துகள் குறியீட்டில் ஒரே எழுத்தானாலும் இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், திருப்பிப் போட்டு நகர்த்துகிற விதி. இதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கேத்தி ஸ்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள்.

```
KETTI
KVVGM
```

நேருக்கு நேர் கழித்தால் 0, 17, 2, மைனஸ் 13, 4 என்று ஒழுங்கே இல்லாத எண்கள் வரும். முதல் எழுத்து K, K-ஆகவே நிற்பதால் 'முதல் எழுத்து மாறவில்லை' என்று இன்னொரு விதியைத் தேடிப் போய்விடுவோம். அங்கே போகாமல் ஜோடியைப் பாருங்கள். மேலே TT மூன்றாம், நான்காம் இடங்களில் இருக்கிறது. கீழே VV இரண்டாம், மூன்றாம் இடங்களில் இருக்கிறது. ஜோடி இடம் மாறிவிட்டது. இடதிலிருந்து 3, 4 என்று இருந்தது இப்போது வலதிலிருந்து 3, 4. சொல் திரும்பியிருக்கிறது. T, V ஆனதால் நகர்வு இரண்டு படி. சரிபார்க்க, மேலே முதலில் நிற்கும் K-யைக் கீழே கடைசியில் நிற்கும் M-உடன் பொருத்துங்கள். 11, 13. அதே இரண்டு படி. முடிந்தது.

ஜோடியே இல்லாத சொல் வந்தால்? KODAI என்பது JBEPL என்று வைத்துக்கொள்வோம். ஐந்து எழுத்து, நடு எழுத்து D. சொல்லைத் திருப்பினாலும் நடு எழுத்து நடுவிலேயேதான் இருக்கும். D, E ஆகியிருக்கிறது, அதனால் ஒரு படி என்று எடுத்துக்கொண்டு, முதல் K-யையும் கடைசி L-ஐயும் பாருங்கள். அதுவும் ஒரு படி. திருப்பி, ஒன்று கூட்டியிருக்கிறார்கள். எழுத்துகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் நடு எழுத்து கிடையாது, இரண்டு முனைகளையும் குறுக்காகப் பொருத்திப் பார்க்க வேண்டியதுதான்.

வித்தியாசம் பெரிய எண்ணாக வந்தால் பதற வேண்டாம். OOTY என்பது RRWB என்றால் O-வுக்கு 3, O-வுக்கு 3, T-க்கு 3, Y-க்கு மட்டும் மைனஸ் 23. கடைசி எழுத்துக்குத் தனி விதி இல்லை. Z தாண்டி மறுபடி A-யிலிருந்து வந்திருக்கிறது. மைனஸ் 23-உடன் 26 கூட்டினால் 3. வித்தியாசம் 13-ஐத் தாண்டினால் இப்படி 26-ஐக் கூட்டியோ கழித்தோ பார்த்துவிட்டு, அதற்கப்புறம் யோசியுங்கள்.

இப்போது இந்த முறை எங்கே கைவிடும் என்பதைச் சொல்கிறேன். அதற்கு உங்கள் ஊர்ப் பெயரே பொருத்தமாக இருக்கிறது.

```
KOTAGIRI
JPSBFJQJ
```

K, O, T, A, G, I, R, I. மெய், உயிர், மெய், உயிர் என்று கடைசி வரை மாறி மாறி வருகிறது. ஒற்றைப்படை இடத்தில் எல்லாம் மெய், இரட்டைப்படை இடத்தில் எல்லாம் உயிர். அதனால் 'மெய்க்கு மைனஸ் ஒன்று, உயிருக்குப் பிளஸ் ஒன்று' என்றாலும் இதே குறியீடு, 'ஒற்றை இடத்துக்கு மைனஸ், இரட்டை இடத்துக்குப் பிளஸ்' என்றாலும் இதே குறியீடு. I இரண்டு முறை வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் 6, 8 என்று இரண்டுமே இரட்டைப்படை இடங்கள். இரண்டும் J ஆகத்தான் வரும். ஒன்று ஒற்றையிலும் இன்னொன்று இரட்டையிலும் இருந்தால்தான் அது நமக்குச் சேதி சொல்லும். LOVEDALE ஸ்டேஷனும் இதே ரகம்: L இரண்டும் ஒற்றை இடம், E இரண்டும் இரட்டை இடம்.

இந்த மாதிரி வந்தால், விதியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அங்கேயே நிறுத்தாதீர்கள். கேட்கப்பட்ட சொல்லைப் பாருங்கள். இதே விதியில் OOTY எப்படி எழுதப்படும் என்று கேட்டால், உயிர்-மெய் விதிப்படி PPSX. இட விதிப்படி NPSZ. நடுவில் P, S இரண்டும் ஒன்றுதான், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் வேறு. நான்கு விருப்பங்களில் P-யில் தொடங்குவது இருக்கிறதா, N-இல் தொடங்குவது இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். முழுச் சொல்லையும் மாற்றி எழுத வேண்டியதே இல்லை. இது எல்லாக் கேள்விக்கும் பொருந்தும்: விருப்பங்கள் எந்த எழுத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றனவோ அந்த எழுத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் விருப்பங்களில் இருக்கும், அல்லது கேள்வியிலேயே இரண்டாவதாக ஓர் உதாரணம் கொடுத்திருப்பார்கள். அந்த இரண்டாவது உதாரணத்தைப் படிக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். முதல் சொல் KOTAGIRI மாதிரி இருந்தால், விதியைப் பிரித்துக் காட்டுவது அந்த இரண்டாவது சொல்தான்.

ஒரே உதாரணம் மட்டும் கொடுத்து, இரண்டு விடையும் விருப்பங்களில் இருந்தால் கேள்வியே தவறு. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும், சரியான விடைக்கு இரண்டு வரும். இரண்டில் ஒன்று என்கிற நிலைக்கு வந்துவிட்டதால் ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள், அதிலேயே உட்காராதீர்கள். கேள்வி எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதில் இரண்டு விதிகளையும் எழுத்து வாரியாக அடுத்தடுத்து எழுதி, கொடுத்த உதாரணத்துக்கு இரண்டுமே சரியாக வருகின்றன, கேட்ட சொல்லுக்கு மட்டும் இரண்டு விடை வருகிறது என்று காட்டுங்கள்.