விடுவிப்புக் கடிதம் கேட்கப் போகும்போது

நேயர்களுக்கு வணக்கம். தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு ஊழியர்களின் பாஸ், பெர்மிட் கோப்புகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வேறு நிறுவனத்துக்கு மாற விடுவிப்புக் கடிதம் கேட்டு வருபவர்களையும், கேட்டதும் முகம் சுளிக்கும் நிர்வாகியையும் ஒரே அறையில் பார்க்கிறவன் என்பதால் இன்று என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தோட்டத்தில் குலை வெட்டுபவரும் உணவகத்தில் ரொட்டி போடுபவரும் வைத்திருப்பது பி.எல்.கே.எஸ். என்னும் தற்காலிக வேலை பெர்மிட். அதில் முதலாளி மாறுவதைக் குடிநுழைவுத் துறை அனுமதித்தால்தான் உண்டு. முதலாளியே மனமுவந்து கடிதம் கொடுத்தாலும் அந்தக் கடிதத்தை மட்டும் நம்பி வேறு கடையில் போய் நிற்கக் கூடாது. அப்படிப் போனால், பெர்மிட்டில் இல்லாத முதலாளியிடம் வேலை செய்ததாக நம் மீது வழக்கு வரும். சேர்த்துக்கொண்டவருக்கு ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் விழலாம். இன்று நான் பேசப்போவது எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும் பொறியாளர், கணக்காளர், கணினிக்காரர் பற்றி. இவர்களுக்குத்தான் விடுவிப்புக் கடிதம் உண்மையிலேயே கதவைத் திறக்கிறது.

அந்தப் பாஸ் வேலைக்காரருக்கும் ஒரு நிறுவனத்துக்குமான முடிச்சு. நிறுவனம் மாறினால் பழைய பாஸை நீட்டி ஒட்ட முடியாது. புது நிறுவனம் அந்தப் பதவிக்கு ஒப்புதல் வாங்கி, வெளிநாட்டு ஊழியர்களுக்கான இ.எஸ்.டி. பிரிவில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய நிறுவனம் தன் பங்குக்குப் பழைய பாஸின் காலத்தைக் குறைத்துத் தர வேண்டும். புது விண்ணப்பத்தோடு, இவரை விடுவிப்பதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று பழைய நிறுவனம் எழுதிய கடிதத்தைக் கேட்பார்கள். அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அது மனம் வைத்துக் கொடுக்கும் கடிதம்.

திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர், ஆலையில் பராமரிப்புப் பொறியாளர். பிறையில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் 9 மாதம் இருந்தது. ராஜினாமா செய்தால் 2 மாத நோட்டீஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. தம்பி அன்றிரவே ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, “தம்பி, பிறைக்காரர்கள் உங்கள் பதவிக்கு ஒப்புதல் வாங்கிவிட்டார்களா?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

ராஜினாமா கையை விட்டுப் போனதும் காலக்கெடு ஓடத் தொடங்கிவிடும். கடைசி நாள் வந்ததும் எங்கள் நிறுவனம் பாஸை முடித்தாக வேண்டும். அதற்குள் புது நிறுவனம் பதவி ஒப்புதலே வாங்கியிருக்காவிட்டால், இங்கே பாஸும் இல்லை, அங்கே பாஸும் இல்லை. பிறகு கொஞ்ச நாள் தங்க அனுமதிக்கும் சிறப்பு பாஸுக்காகக் குடிநுழைவு அலுவலகத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். அவரோடு மனைவியும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் இருந்தார்கள். அவர்கள் பாஸ் இவர் பாஸைத் தொற்றிக்கொண்டு இருப்பது. இது போனால் அதுவும் போகும்.

ராஜினாமாவைத் தம்பி திரும்ப எடுத்துக்கொண்டார். பிறை நிறுவனம் பதவி ஒப்புதல் கிடைத்ததை எழுத்தில் சொன்ன பிறகுதான் நிர்வாகியைப் பார்க்கப் போனார்.

நிர்வாகியிடம் கேட்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேறு இடத்தில் கூடச் சம்பளம் தருகிறார்கள் என்று ஆரம்பித்தால், அவர் காதில் விழுவது ‘உங்கள் சம்பளம் போதவில்லை’ என்பது மட்டும்தான். கொதிகலன் வருடாந்தரச் சோதனை நெருங்குகிறது, இவன் போனால் யார் நிற்பது? அவருடைய கவலை அது. தம்பி போய்ச் சொன்னது வேறு: “சார், சோதனை முடியும் வரை இருக்கிறேன். மே 31 என் கடைசி நாளாக இருக்கட்டும். அதற்குள் புது ஆளுக்கு எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன். மாறிப் போக ஒரு கடிதம் மட்டும் வேண்டும்.” கையில் கடிதத்தின் வரைவும் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் மிச்சம் என்ற நிலையில் போனால் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? நிறுவனத்தின் தலைப்புத் தாளில், தேதியோடு, குடிநுழைவுத் துறைக்கு எழுதியிருக்க வேண்டும். கடப்பிதழில் உள்ளபடி முழுப்பெயர், கடப்பிதழ் எண், பதவி, சேர்ந்த நாள், கடைசி வேலை நாள், சேரப்போகும் நிறுவனத்தின் பெயர், ஆட்சேபனை இல்லை என்ற ஒரு வரி. அடியில் அதிகாரமுள்ளவரின் கையெழுத்தும் முத்திரையும். தோட்ட மேனேஜர் நல்லவர்தான், உடனே போட்டுத் தருவார், ஆனால் இ.எஸ்.டி. கணக்கில் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட நியமிக்கப்பட்டவர் அவராக இல்லாவிட்டால் கடிதம் திரும்பி வரக்கூடும்.

தம்பியின் கடிதத்தையும் நான் ஒருமுறை திருப்பிக் கொடுத்தேன். முந்தின ஆண்டுதான் கடப்பிதழைப் புதுப்பித்திருந்தார். எங்கள் கோப்பில் இருந்த பழைய எண்ணையே எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தி, கடைசி நாளை ராஜினாமாவிலும் கடிதத்திலும் பாஸ் குறைப்பு விண்ணப்பத்திலும் மே 31 என்று ஒன்றாக்கினோம். மூன்று தாளில் மூன்று தேதி இருந்தால் அதிகாரி கேள்வி கேட்பார், கேள்விக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கடிதம் கையில் வந்த பிறகுதான் ராஜினாமாவைக் கொடுத்தார். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி ஒன்றும் எழுதியிராவிட்டால் 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் சொல்வதே கணக்கு: 2 ஆண்டுக்குக் கீழ் 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 6 வாரம், 5 ஆண்டுக்கு மேல் 8 வாரம்.

கடிதத்துக்குப் பணம் கேட்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் பயிற்சிச் செலவு, முன்கூட்டியே விலகினால் ஈடு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் தொகையைப் பேசித் தீர்த்து ரசீது வாங்குங்கள். எழுதாத தொகையைக் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் கடப்பிதழைப் பிணையாகப் பூட்டி வைத்திருந்தால் அது பேரம் பேசுவதற்கான பொருளே இல்லை. பிறர் கடப்பிதழை அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். முதலாளி கடிதம் தர முற்றிலும் மறுத்துவிட்டால் ஒப்பந்தம் முடியும் வரை இருப்பதோ, ஊருக்குப் போய்ப் புது நிறுவனம் மூலம் மறுபடி வருவதோதான் வழி. ஓடிப்போவதை நான் வழி என்று சொல்ல மாட்டேன். முதலாளி புகார் கொடுத்தால் அடுத்த விண்ணப்பத்தில் அது நிற்கும்.

கடைசியாக, பலர் சண்டைக்கு வரும் இடம். மே மாதச் சம்பளம் தம்பிக்கு ஜூன் தொடக்கத்தில் வரவில்லை. கடிதம் கேட்டதற்குப் பழிவாங்குகிறார்கள் என்று நினைத்து என்னிடம் கோபமாக வந்தார். உண்மையில் வெளிநாட்டவர் விலகும்போது நிறுவனம் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். வரித் தீர்வுக் கடிதம் வரும் வரை, அதிகபட்சம் 90 நாள், அவருக்குச் சேர வேண்டிய பணத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அப்படித் தெரிவிப்பதற்கான சி.பி.22ஏ என்ற படிவத்தை எங்கள் அலுவலகம் எப்போது அனுப்பியது என்று அவருக்குக் காட்டினேன். கடிதம் வாங்கும் அதே நாளில், “வரிப் படிவம் எப்போது போகிறது?” என்றும் கேட்டுவிடுங்கள். அடுத்த இரண்டு மாத வாடகைக்கும் பிள்ளை பள்ளிச் செலவுக்கும் தனியாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். 90 நாள் கடந்தும் பணம் வராவிட்டால், வரி வாரியத்தில் விசாரித்துவிட்டு, சம்பளச் சீட்டுகளோடு ஆள்பலத் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நன்றி, வணக்கம்.