ஃபிரிட்ஜுக்குள் 3 மணி நேரம், நடுவில் இன்னும் சூடு

எல்லாருக்கும் வணக்கம். நேற்று ஒரு பெரிய பாத்திரம் சோற்றைக் குப்பையில் கொட்டினேன். அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை, அதனால் இன்றைக்குச் சமையல் குறிப்பு கிடையாது, மிஞ்சியதை எப்படி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைப்பது என்பதுதான் பேச்சு.

என் வெப்பமானியைப் போன வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஊசி மாதிரி குத்திப் பார்ப்பேனே, அதேதான். எதைப் பார்த்தாலும் குத்துகிறேன் என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். நேற்று அதுதான் என்னைக் காப்பாற்றியது.

நடந்தது இதுதான். சோறு மிஞ்சியது. ஆழமான எவர்சில்வர் பாத்திரத்தில் அப்படியே அழுத்தி, இறுக்கமாக மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். 3 மணி நேரம் கழித்துத் தொட்டால் வெளியே ஜில்லென்று இருக்கிறது. சும்மா நடுவில் குத்திப் பார்த்தேன். 47 டிகிரி! ஃபிரிட்ஜுக்குள்ளேயே, வெதுவெதுப்பாக.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அதில் வாந்தியை வரவழைக்கும் நஞ்சு ஒன்று, நாம் மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. "நன்றாகச் சூடு பண்ணிச் சாப்பிட்டால் போதும்" என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது, அதற்குக் காரணம் இதுதான்.

உணவகச் சமையலறைகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 57 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து அடுத்த 4 மணி நேரத்தில் 5-க்கு. என் பாத்திரம் முதல் படியிலேயே தோற்றுவிட்டது. அதனால்தான் கொட்டினேன்.

இன்று அதே அளவு சோறு வடித்து, அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினேன். 20 நிமிடம் ஆவி போக விட்டு, ஃபிரிட்ஜில் வைத்தேன். வடித்ததிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் நடுவில் 19 டிகிரி. பத்தொன்பது! தனியாக நின்று கை தட்டினேன், வெட்கமே இல்லை. முழுக்க ஆறிய பிறகுதான் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றினேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். தட்டை ஃபிரிட்ஜில் வைக்கும்போது இறுக மூடாதீர்கள், தளர்வாக மூடினால் போதும். ஃபிரிட்ஜும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரை ராத்திரி முழுக்க உள்ளே வைத்துக் காலையில் அளந்தால் தெரிந்துவிடும்.

எத்தனை நாள் வைக்கலாம்? சோற்றுக்குப் பிரிட்டனில் 24 மணி நேரம் என்கிறார்கள், அமெரிக்காவில் 3, 4 நாள் வரை விடுகிறார்கள். நான் ஒரு நாள் கட்சி. குழம்புக்கு 3 நாள், மிஞ்சினால் 4. அதையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து ஆறவைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். மொத்தத்தையும் தினமும் சூடாக்கித் திரும்ப உள்ளே வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

குழம்புக்கு எனக்குக் கண்ணாடி டப்பாதான். பிளாஸ்டிக்கில் மஞ்சள் கறை ஏறி, வாடை நின்று, கழுவிக் கழுவிக் கை போய்விடும். அலுமினியத்தில் புளி, தக்காளி சேர்ந்த எதையும் வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரித்துவிடும்.

மாவு கதையே வேறு. நன்றாகப் புளித்த மாவில் அமிலம் கூடிவிடுவதால் கெட்ட கிருமிகள் எளிதில் வளராது. அதனால் 4, 5 நாள் தாங்கும். புளிப்பு ஏறுவது கெட்டுப்போனதாக ஆகாது, மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றாலும் கலக்கிக்கொள்ளலாம். ஆனால் இளஞ்சிவப்பு, ஆரஞ்சுத் திட்டுகளோ பஞ்சு மாதிரிப் பூஞ்சையோ தெரிந்தால், மேலே வழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளாமல் மொத்தத்தையும் கொட்டுங்கள். எடுக்கும் கரண்டி உலர்ந்திருக்கட்டும், வேண்டிய அளவை வேறு கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டு டப்பாவை உடனே உள்ளே வைத்துவிடுங்கள்.

ஐயோ, மாவு டப்பாவைப் பற்றிச் சொல்லவே இல்லையே. பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியையும் இறுக்காதீர்கள். குளிரிலும் மாவு மெதுவாகப் புளித்துக்கொண்டேதான் இருக்கும், வாயு வெளியே போக வழி வேண்டும். போன மாதம் நான் நான்கு பக்கமும் கிளிப் போட்டு மூடினேன். காலையில் திறந்தபோது 'டப்'பென்று ஒரு சத்தம், மூடி என் நெற்றியில். இதோ, இந்தத் தழும்பு அதுதான்.